மதிய நடைச் சங்கம், நடுவுல ஒரு பேலியோ சண்டை: சிறுகதை வரைவு, பிழை பார்த்துச் சொல்லுங்க

பொருநைக்கரை

எழுதிக்கிட்டிருக்கிற கதையோட நடுப்பகுதி கீழே. களம் கொக்கிரகுளம் பக்கம் ஒரு அரசு அலுவலகம். பரமசிவம் (54) பதிவறை, சோறும் கருப்பட்டியும் கட்சி. இசக்கிமுத்து (47) கணக்குப் பிரிவு, சர்க்கரைக்கு மாத்திரை போடுறவர், எட்டு நாளா சோறை விட்டுட்டு முட்டை, நெய்னு பேலியோ. ரெண்டு பேரும் சேர்ந்து மதிய இடைவேளையில நடக்க ஒரு சங்கம் ஆரம்பிக்காங்க. நடையைப் பத்தியும் சாப்பாட்டைப் பத்தியும் நான் எழுதினது நம்பும்படியா இருக்கான்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லணும். நடையை (எழுத்து நடையை) அப்புறம் திருத்திக்கலாம்.

*மணி ஒன்றரை. டிபன் டப்பாவைத் திறக்காமலே இருவரும் படியிறங்கினார்கள். "நடந்துட்டு வந்து உக்காந்தாத்தான் வே சோறு இறங்கும்" என்பது பரமசிவத்தின் சட்டம். சங்கத்தின் முதல் விதியும் அதுதான். இரண்டாவது விதி இசக்கிமுத்து போட்டது: அரை மணிக்குள் பத்தாயிரம் அடி.*

*சுலோச்சன முதலியார் பாலத்தில் சித்திரை வெயில் காய்ந்தது.*

*"எட்டு நாள்ல மூணு கிலோ கொழுப்பு போயிருக்கு. உம்ம சோத்துக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டா?"*

*"கொழுப்பு போச்சோ என்ன போச்சோ, மூஞ்சி வாடிக் கெடக்கு. ஒரு கை உளுந்தஞ்சோறு தின்னும், தெளிஞ்சிரும்."*

*"அரிசி விஷம் வே."*

*"அப்போ எங்க அம்மை எண்பத்தாறு வருஷமா விஷம் தின்னுக்கிட்டு இருக்கா."*

*"கருப்பட்டின்னா சீனி இல்லைன்னு நெனச்சு நாலு வேளை காப்பி குடிக்கீரே, அது?"*

*"கருப்பட்டி மருந்துல்லா!"*

*பாலத்தின் மறுமுனையில் இசக்கிமுத்து சட்டென்று நின்றார். கண் இருண்டது. "கீட்டோசிஸ்... உடம்பு கொழுப்பை எரிக்குது" என்றபடியே சாய்ந்தார். பரமசிவம் பையிலிருந்த அல்வாப் பொட்டலத்தைப் பிரித்து, மயங்கிக் கிடந்தவர் வாயில் ஒரு விள்ளலை வைத்தார். இரண்டு நிமிஷத்தில் இசக்கிமுத்து கண்ணைத் திறந்து, "இது எந்தக் கடை வே?" என்றார்.*

கல்லிடை அப்பளம்

அல்வா முடிவு சிரிப்பு வந்துச்சு. ஆனா பாலம் ஆகாது. 1843ல கட்டினது, அழகாத்தான் இருக்கும், கதைக்கும் பேர் சொல்லிக்கலாம். சித்திரை மதியம் ஒன்றரைக்கு அதுமேல நடக்க எவனும் வரமாட்டான். நிழல்னு ஒரு பொட்டு கிடையாது, பஸ்ஸும் லாரியும் உரசிக்கிட்டுப் போகும், ரெண்டு பேர் சேந்து பேசிக்கிட்டே நடக்க முடியாது. முன்ன ஒருத்தர், பின்ன ஒருத்தர்னுதான் போகணும், அப்போ உங்க சண்டையே நடக்காது. ஒண்ணு, கதையை ஆடி மாசத்துக்குக் கொண்டு போங்க, மேக்க இருந்து காத்து அடிச்சுத் தள்ளும். இல்லைன்னா பழைய அலுவலகக் கட்டடங்கள்ல நீளமா ஒரு வராந்தா இருக்குமே, அதுல நடக்க விடுங்க.

தாமிரபரணித் தம்பி

நெல்லையப்பர் கோயில் பிரகாரத்துல நடக்க வைக்கலாமே? கல் மண்டபம், குளுகுளுன்னு இருக்கும்.

கல்லிடை அப்பளம்

மதியம் கோயில் சாத்தியிருக்கும் தம்பி. போக கொக்கிரகுளத்துல இருந்து டவுனுக்கு அரை மணி இடைவேளையில போயிட்டு வர முடியாது.

சத்துக்கணக்கு

வராந்தா நல்ல யோசனை. அதையே வைத்துக்கொண்டு சங்கத்தின் இரண்டாவது விதியைச் சரிபார்க்கலாம். சாதாரண வேக நடை என்பது நிமிடத்துக்கு சுமார் 100 அடி. மூச்சு கொஞ்சம் வேகமாகும், ஆனால் சண்டை போட்டுக்கொண்டே நடக்கலாம். உங்கள் கதைக்குத் தேவையான வேகமே அதுதான். அந்தக் கணக்கில் 10,000 அடிக்கு 100 நிமிடம் வேண்டும். அரை மணியில் 3,000 அடி வந்தால் பெரிது. ஓடினால்கூடப் பத்தாயிரம் வராது.

இசக்கிமுத்து அந்த எண்ணை எங்கிருந்து பிடித்தார் என்பதைப் பரமசிவம் கிண்டலடிக்க ஒரு வாய்ப்பு இருக்கிறது. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி ஜப்பானில் நடை மோகம் கிளம்பியது. 1965ல் ஒரு நிறுவனம் இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவியை விற்க, அதற்கு "மான்போ-கே" என்று பெயர் வைத்தது, பத்தாயிரம் அடி மீட்டர் என்று அர்த்தம். மருத்துவர் யாரும் அளந்து சொன்ன எண் அல்ல, விற்பனைக்கு வைத்த எண்.

இடைவேளை அரை மணி என்றால் நடக்கக் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். சாப்பிட கால் மணி, கை கழுவி டப்பா கழுவ இரண்டு மூன்று நிமிடம். வராந்தா 40 மீட்டர் என்று வைத்தால், 12 நிமிடத்தில் 840 மீட்டர், அதாவது 21 தடவை முனைக்கு முனை. இது அற்பம் என்று நினைக்க வேண்டாம். சாப்பிட்டு முடித்த கால் மணிக்குள் இந்த நடையை நடந்தால், சோற்றுச் சர்க்கரை இரத்தத்தில் ஏறும் நேரத்திலேயே கால் தசை அதில் ஒரு பங்கை இழுத்துக்கொள்ளும். வேலை செய்யும் தசை இன்சுலினுக்காகக் காத்திருப்பதில்லை.

அதனால் முதல் விதி தலைகீழ். சர்க்கரைக்காரருக்கு மதிய நடை சாப்பாட்டுக்குப் பிறகுதான் இருக்க வேண்டும். ஆனால் அதைத் திருத்தாதீர்கள். கதையில் அவர் விழ வேண்டும் என்றால் பரமசிவத்தின் அந்தத் தவறான விதி இருந்தே ஆக வேண்டும். ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

நெய்யும் முட்டையும்

வழக்கம்போல பேலியோ எடுக்கிறவன் மயங்கி விழணும், சோறு தின்கிறவன் காப்பாத்தணும். சலிச்சுப்போச்சு. எட்டாவது நாள் தலை சுத்துறது உப்புக் குறைவு, அதை எங்க ஆளுங்க முதல் நாளே சொல்லிக் கொடுத்துருவாங்க. மாவுச்சத்து குறைஞ்சா இன்சுலின் குறையும், இன்சுலின் குறைஞ்சா சிறுநீரகம் உப்பையும் தண்ணியையும் வெளிய தள்ளும். மோர்ல உப்புப் போட்டுக் குடிச்சா முடிஞ்சது. இதுக்கு எதுக்கு அல்வா? இன்னொண்ணு, கீட்டோசிஸ்ல இருக்கிறவனுக்கு மூளை சர்க்கரைக்குப் பதிலா, கொழுப்பு எரிஞ்சு வர்ற கீட்டோன்ல ஓடும். சர்க்கரை இறங்கினாலும் ஒண்ணும் ஆகாது.

சத்துக்கணக்கு

முதல் பாதி முழுக்கச் சரி. மூன்று கிலோ விஷயமும் அதே கணக்குதான். ஈரலும் தசையும் சேமித்து வைக்கும் சர்க்கரை அரைக்கிலோவுக்குள் இருக்கும், அது தன்னோடு மூன்று பங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்திய முதல் வாரத்தில் இரண்டும் சேர்ந்து வெளியேறும். எட்டு நாளில் போன மூன்று கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து எழுந்தால் பாதி திரும்பி வந்துவிடும். பரமசிவம் "கொழுப்பு போச்சோ என்ன போச்சோ" என்கிற இடத்தில் "தண்ணி போச்சோ" என்று சொல்ல வைத்தால் அவருக்கே தெரியாமல் சரியாகப் பேசியவர் ஆவார்.

இரண்டாம் பாதியில்தான் எனக்கு மறுப்பு. இசக்கிமுத்து மாத்திரை போடுகிறவர் என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். எந்த மாத்திரை என்று எழுதவில்லை. கதையின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

நெய்யும் முட்டையும்

மெட்ஃபார்மின்தான் எல்லாரும் போடுறது. அது சர்க்கரையைத் தாழ்நிலைக்குத் தள்ளாது.

சத்துக்கணக்கு

மெட்ஃபார்மின் மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி, தாழ்வது மிக அரிது. ஆனால் நம் ஊரில் பலரும் போடுவது ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து இருப்பது. அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் "கிளிமிபிரைடு 1 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி." என்று இருக்கும். மெட்ஃபார்மின் எண் பெரியது, அதுவே கண்ணில் படும். கிளிமிபிரைடு ஒன்று, இரண்டு என்று ஓரத்தில் கிடக்கும். வேலையைக் காட்டுவது அந்தச் சின்ன எண்.

கிளிமிபிரைடு கணையத்தை அழுத்தி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீங்கள் சோறு தின்றீர்களா முட்டை தின்றீர்களா என்று அது கேட்காது. காலையில் போட்டால் நாள் முழுக்க அதன் வேலை இருக்கும். இப்போது இசக்கிமுத்துவின் நாளைப் பாருங்கள். காலை எட்டுக்கு மாத்திரை, பழைய அளவிலேயே. இட்லிக்குப் பதில் மூன்று முட்டை, நெய். மதியம் ஒன்றரைக்கு வெறும் வயிற்றோடு வேக நடை. இன்சுலின் இருக்கிறது, தசையும் சர்க்கரையை இழுக்கிறது, உள்ளே மாவுச்சத்து வரவில்லை. சாப்பிட்ட பிறகு நடந்திருந்தால் ஒருவேளை தப்பியிருப்பார். பரமசிவத்தின் விதி வேண்டும் என்று சொன்னது இதற்காக.

கீட்டோன் விஷயமும் இங்கேதான் உடைகிறது. மாத்திரை சுரக்க வைத்த இன்சுலின் இரத்தத்தில் இருக்கும்வரை ஈரல் கீட்டோனை வேண்டிய அளவு செய்யாது. கீட்டோனை நம்பி ஓட மூளைக்குச் சில வாரப் பழக்கமும் வேண்டும். எட்டு நாளும் காணாது, இன்சுலினும் குறுக்கே நிற்கிறது. ஆக, சர்க்கரையும் இல்லை, கீட்டோனும் இல்லை.

நெய்யும் முட்டையும்

இதைத்தான் நாங்களும் சொல்றோம், மாத்திரையைக் குறைச்சிட்டு ஆரம்பிக்கணும்னு. அப்போ தப்பு மாத்திரையோடது, பேலியோவோடது இல்ல.

சத்துக்கணக்கு

மருத்துவரிடம் சொல்லிக் குறைத்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும், ஆமாம். சோற்றைக் குறைத்தால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை குறையும் என்பதையும் நான் மறுக்கவில்லை. இசக்கிமுத்து அதைச் சொல்லவில்லை என்பதுதான் கதை.

ஹைகிரவுண்ட் மணி

நல்ல முயற்சி. இந்தச் சங்கத்தில் சேர மாதச் சந்தா உண்டா? நான் கலெக்டர் ஆபீஸ் பக்கம்தான் வேலை. ஒன்றரைக்கு எந்த கேட் பக்கம் நிற்கணும்?

பொருநைக்கரை

மணி அண்ணாச்சி, இது கதை. அப்படி ஒரு சங்கம் இல்ல.

@சத்துக்கணக்கு, கை நடுங்குது எனக்கு. அப்போ மயக்கம் எப்படி வரும்? கண் இருண்டு சாயுறது சரியா?

சத்துக்கணக்கு

நேராகச் சாய வைக்காதீர்கள், அதற்கு முன் ஒரு நல்ல கட்டம் இருக்கிறது. சர்க்கரை 70க்குக் கீழே இறங்கும்போது உடம்பு முதலில் எச்சரிக்கும். விரல் நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பசி எரியும், குளிர்ந்த வியர்வை வரும். அடுத்து மூளைக்குப் பற்றாக்குறை வரும்போது ஆளின் குணம் மாறும். காரணமில்லாத கோபம், சொன்னதையே சொல்வது, சொல் குழறுவது. கூட இருப்பவர்களுக்கு அது குடித்தவன் பேச்சு மாதிரிகூடத் தெரியும்.

உங்கள் கதையில் இருவருக்கும் எப்போதும் சண்டை. அன்று இசக்கிமுத்து வழக்கத்தைவிட அதிகமாகக் கத்துகிறார். கருப்பட்டிக்காகப் பரமசிவத்தின் அம்மாவை இழுத்துத் திட்டுகிறார். பரமசிவம் அதைச் சண்டை என்றே எடுத்துக்கொண்டு திருப்பிக் கத்துகிறார். அது சண்டை இல்லை, அறிகுறி. வாசகனும் முதல் வாசிப்பில் ஏமாறுவான்.

பாலத்தில் வைத்தால் இந்த அறிகுறி ஒன்றும் எடுபடாது என்பதையும் கவனியுங்கள். வெயிலில் எல்லாருக்கும் வியர்க்கும். நிழலான வராந்தாவில் ஒருவருக்கு மட்டும் நெற்றி நனைந்து, தொட்டால் சில்லென்று இருந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

சிவப்புமை

இதுவரைக்கும் வந்ததுல இதுதான் கதைக்கு ஆகிற குறிப்பு. ஆனா எச்சரிக்கை ஒண்ணு. கிளிமிபிரைடு, இன்சுலின், கணையம் எல்லாம் கதைக்குள்ள வந்தா அது ஆஸ்பத்திரிச் சுவரொட்டி ஆயிரும். மாத்திரை அட்டையை யாராவது திருப்பிப் பார்க்கட்டும், ஒரு வரி. அவ்வளவு போதும். அந்த ஜப்பான் மீட்டர் கதையும் வேண்டாம், பரமசிவத்துக்கு அது தெரிஞ்சிருக்க வழியில்லை.

சத்துக்கணக்கு

ஜப்பானை விட்டுவிடலாம். அல்வாவை விடமாட்டேன். அதில் இரண்டு பிழை இருக்கிறது.

நினைவில்லாதவர் வாயில் எதையும் வைக்கக் கூடாது. விழுங்க மாட்டார், மூச்சுக்குழலுக்குள் போகும். நினைவு போய்விட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழைப்பதுதான் வேலை. அதனால் அவரை முழு மயக்கத்துக்குக் கொண்டு போகாதீர்கள். குழறலோடு நிறுத்துங்கள், விழுங்கத் தெரியட்டும்.

இரண்டாவது, விழுங்கத் தெரிந்தாலும் அல்வா இதற்குச் சரியான பண்டம் அல்ல. சர்க்கரை நிறைய இருக்கிறது, ஆனால் கூடவே நெய்யும் நிறைய இருக்கிறது. கொழுப்பு சேர்ந்தால் வயிறு மெதுவாகக் காலியாகும், சர்க்கரை இரத்தத்துக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும். சாக்லேட்டிலும் இதே சிக்கல்தான். இரண்டு நிமிடத்தில் கண் விழிப்பது நடக்காது. வேண்டியது 15 கிராம் சர்க்கரை, தண்ணீரில் கரைத்து. மூன்று தேக்கரண்டி சீனி. குடித்துவிட்டுக் கால் மணி உட்கார வைத்து மறுபடி பார்க்க வேண்டும். 70க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு 15 கிராம். ஏறியதும் சோறோ இட்லியோ கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும்.

கல்லிடை அப்பளம்

அரசு அலுவலகத்துல ஒன்றரை மணிக்குச் சீனி எங்கெ கிடைக்கும்? டீக்கடைக்குப் போகணும். பரமசிவம் பையில கருப்பட்டி இருக்கும்லா? நாலு வேளை கருப்பட்டிக் காப்பி குடிக்கிறவர்.

சத்துக்கணக்கு

அருமை. கருப்பட்டியும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான், கொஞ்சம் ஈரமும் தாது உப்பும் கூட. உடன்குடிக் கருப்பட்டியில் நெல்லிக்காய் அளவு ஒரு துண்டு 20 கிராம் வரும், அதில் தேவையான 15 கிராம் சர்க்கரை கிடைத்துவிடும். கட்டியாகக் கடிக்கக் கொடுத்தால் நேரமாகும், தூளாக்கிக் கரைக்க வேண்டும்.

அவர்கள் சண்டையையும் இது முடித்து வைக்கிறது. கருப்பட்டி இசக்கிமுத்துவைத் தூக்கி நிறுத்துவது அது மருந்து என்பதால் அல்ல, சீனி என்பதால்.

நெய்யும் முட்டையும்

இதைத்தான் இசக்கிமுத்து ஆரம்பத்துலேயே சொன்னாரு! அந்த வரி அவருக்கு வெற்றி. சரி, இதை ஒத்துக்கிறேன்.

வரகரிசி

பேலியோவும் வேண்டாம், சோறும் வேண்டாம். மூன்றாவது ஆளாக ஒருவரைக் கொண்டுவந்து வரகு, சாமை, குதிரைவாலி சாப்பிட வையுங்கள். சிறுதானியம் சர்க்கரையை ஏற்றவே ஏற்றாது.

சத்துக்கணக்கு

ஏற்றும். நூறு கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராம் என்றால் வரகு, சாமையில் 65 பக்கம். நார் கூடுதல், அதனால் கொஞ்சம் மெதுவாக ஏறும். மாவாக்கிக் கஞ்சி காய்ச்சினால் அந்த மெதுவும் போய்விடும். சங்கத்தில் சேரட்டும், ஆனால் அவருக்கும் 21 தடவை நடை உண்டு.

ஹைகிரவுண்ட் மணி

எங்க அப்பா மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், அப்புறம் வோக்லிபோஸ்னு மூணு இருக்கு. நிறுத்திரலாமா?

சத்துக்கணக்கு

நிறுத்த வேண்டாம். சாப்பாட்டை மாற்றாமல் மாத்திரையை நிறுத்தினால் சர்க்கரை எகிறும். அட்டையை அப்படியே மருத்துவரிடம் கொண்டு போய், அப்பா என்ன சாப்பிடுகிறார், எப்போது நடக்கிறார் என்று சொல்லுங்கள்.

ஆனால் நீங்கள் கேட்டது கதைக்கும் உதவுகிறது. வோக்லிபோஸ் குடலில் சீனியை உடைக்கும் நொதியைத் தடுக்கும். அந்த மூன்றாவது மருந்து அட்டையில் இருந்தால் சீனித் தண்ணீரும் கருப்பட்டியும் மெதுவாகத்தான் வேலை செய்யும். அவர்களுக்கு மருந்துக்கடையில் விற்கும் குளுக்கோஸ் பொடிதான் தேவை, அது உடைக்கப்பட வேண்டியதில்லை. அப்பா வீட்டில் ஒரு பொட்டலம் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். இசக்கிமுத்துக்கு இரண்டு மருந்து அட்டையே இருக்கட்டும், இல்லாவிட்டால் கருப்பட்டி பலிக்காது.

பொருநைக்கரை

திருத்தி எழுதினேன். தட்டச்சர் கோமதின்னு ஒரு பாத்திரம் ஏற்கனவே இருக்கா, அவ கிட்ட சர்க்கரை பார்க்கிற கருவியைக் கொடுத்திருக்கேன் (அவ அம்மாவுக்கு வாங்கினது).

*பதினான்காவது சுற்றில் இசக்கிமுத்துவின் குரல் பதிவறை வரை கேட்டது.*

*"கருப்பட்டி கருப்பட்டிங்கீரே, உம்ம அம்மைக்குக் கருப்பட்டி, உமக்குக் கருப்பட்டி, கருப்பட்டி..."*

*"அம்மையை ஏன்வே இழுக்கீரு? ஒரு மாசம் முட்டை தின்னா மரியாதை மறந்து போகுமோ?"*

*"சார், கொஞ்சம் நில்லுங்க" என்று கோமதி எழுந்து வந்தாள். அவள் பார்த்தது இசக்கிமுத்துவின் விரல்களை. பிறகு நெற்றியை. வராந்தாவில் காற்று ஓடிக்கொண்டிருந்தது, பரமசிவத்துக்கு வியர்க்கவில்லை.*

*ஊசி குத்தினாள். 52.*

*"என்ன மாத்திரை சார் போடுதீங்க?"*

*"மெட்... மெட்பார்..." சட்டைப்பையில் இருந்த அட்டையை அவளே எடுத்துத் திருப்பினாள். "அண்ணாச்சி, உங்க பையில இனிப்பு ஏதாவது இருக்கா?"*

*பரமசிவம் கருப்பட்டியை மேசையில் வைத்துப் பேப்பர் வெயிட்டால் ஒரே போடு போட்டார். டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக் கொடுத்தார். இசக்கிமுத்து குடித்தார். சுவர்க் கடிகாரத்தில் கால் மணி நகரும்வரை சங்கத்தில் யாரும் பேசவில்லை. மறுபடி குத்தியபோது 81.*

*"இப்ப சொல்லும்" என்றார் இசக்கிமுத்து, குரல் இன்னும் தேறவில்லை. "மருந்தா, சீனியா?"*

*பரமசிவம் பதில் சொல்லாமல் டப்பாவைத் திறந்து உளுந்தஞ்சோற்றில் பாதியை மூடியில் வைத்து அவர் பக்கம் தள்ளினார்.*

சிவப்புமை

பேப்பர் வெயிட் நல்லாருக்கு. "ஒரு மாசம் முட்டை தின்னா" எட்டு நாளோட முட்டும். பரமசிவம் மிகைப்படுத்துறார்னு வச்சுக்கலாம், ஆனாலும் "ஒரு வாரம்" போதும். "மருந்தா, சீனியா" வேண்டாம்னு நினைக்கிறேன், அது ஆசிரியர் குரல்.

நெய்யும் முட்டையும்

அந்த வரி இருக்கணும். அதை எடுத்தா உளுந்தஞ்சோறு ஜெயிச்ச கதை ஆயிரும்.

கல்லிடை அப்பளம்

கருப்பட்டியைக் கரைச்சா அடியில கசடு நிக்கும். வடிகட்ட நேரமில்லைன்னா கடைசி மடக்கை விட்டுருவாங்க. அதை ஒரு வார்த்தையில போடுங்க. உளுந்தஞ்சோத்துக்கு எள்ளுத் துவையல் இல்லாம டப்பாவைத் திறக்கக் கூடாது.

சத்துக்கணக்கு

உளுந்தஞ்சோறு இந்த இடத்துக்குப் பொருத்தம். அரிசி இருக்கிறது, அதனால் மறுபடி இறங்காமல் தாங்கும். உளுந்தின் புரதமும் கூட வருகிறது.

கோமதி விஷயத்தில் இரண்டு குறிப்பு. கருப்பட்டி தொட்ட கையோடு மறுபடி குத்தினால் விரலில் ஒட்டிய சர்க்கரையே எண்ணைக் கூட்டிக் காட்டும். இரண்டாவது முறைக்கு முன் அவர் கையைக் கழுவித் துடைக்கட்டும், ஈரமும் இருக்கக் கூடாது. அடுத்தது, அந்தக் கருவியின் அட்டைகளை அவள் எங்கே வைத்திருக்கிறாள்? வண்டி சீட்டுக்கு அடியில் என்று எழுதிவிடாதீர்கள். 30 டிகிரிக்கு மேல் அந்த அட்டை கெட்டுப்போகும், நம் ஊர் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கைப்பையில், மூடி இறுக மூடிய அதே டப்பாவில்.

அப்புறம், 81 வந்தது என்று அவரை இருக்கைக்கு அனுப்பிவிட்டால் கதை தப்பு. கிளிமிபிரைடு சாயங்காலம்வரை வேலை செய்யும், மூன்று நான்கு மணிக்கு மறுபடி இறங்கலாம். அன்று அவர் பெர்மிஷன் போட்டு மருத்துவரைப் பார்க்கப் போக வேண்டும். தனியாக அல்ல. பைக் ஓட்டவும் கூடாது.

பொருநைக்கரை

பெர்மிஷன் எழுதிரலாம். பைக்தான் இடிக்குது. பரமசிவத்துக்கு சைக்கிள் மட்டும்தான் தெரியும்னு முதல் பக்கத்துலயே எழுதிட்டேன்.

கல்லிடை அப்பளம்

கோமதி ஸ்கூட்டியில பின்னாடி உக்காந்து போவாரா இசக்கிமுத்து? அவர் ஆள் எப்படின்னு நீங்கதான் சொல்லணும். இல்லைன்னா வாசல்ல ஆட்டோ நிக்கும், ரெண்டு பேரும் ஏறி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். வாடகையை யார் கொடுக்கிறதுன்னு அடுத்த சண்டையை ஆரம்பிச்சிரலாம்.